குறைந்த விலைத் தண்ணீர் வடிகட்டிக்கு நிதி திரட்டும் பக்கம்: முதல் நாலைந்து வரிகள் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

மாணவர்கள் எழுதும் கிரவுட்ஃபண்டிங் பக்கங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது சில வருஷங்களாக என் வேலைகளில் ஒன்று. அதில் அதிகமாக வருவது தண்ணீர் வடிகட்டிதான். கீழே உள்ள கேள்விகள் பலர் பல சமயம் கேட்டவை. பதில்களுக்கு ஒரே ஒரு பக்கத்தை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். காவிரிக் கரைக் கிராமம் ஒன்றில் இருக்கும் 19 வயது பாலிடெக்னிக் மாணவியின் பக்கம் அது. களிமண்ணையும் உமியையும் பிசைந்து, பானையாக அழுத்திச் சுட்டு, அதை வடிகட்டியாக்கியிருக்கிறாள். சூளையில் உமி எரிந்து போன இடமெல்லாம் நுண்துளைகளாகிவிடும், தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து இறங்கும். உலகில் பல நாடுகளில் இந்த வகைப் பானை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அவளுடைய சொந்தச் சேர்ப்பு உமியின் அளவும், உள்ளூர் வண்டல் மண்ணுக்கு ஏற்றபடி சுடும் பக்குவமும்.

முதல் வரியில் உலகத் தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்லித் தொடங்கலாமா?

வேண்டாம். அவளுடைய முதல் வரைவு அப்படித்தான் தொடங்கியது. ஒரு மேற்கோள், அடுத்து கோடிக்கணக்கான மக்கள் சுத்தமான நீர் இல்லாமல் தவிப்பதைப் பற்றி ஒரு வாக்கியம், அப்புறம் "இதற்கான புரட்சிகரமான தீர்வு இதோ". படிப்பவருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். எழுதியவர் அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்பதுதான் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் முதலில் தேடுவது அதைத்தான்.

அதனால் முதல் வரியில் ஒரே ஒரு தண்ணீர் இருக்கட்டும். எந்தக் கிணறு, எத்தனை வீடு, எந்த மாதம், அதில் என்ன இருந்தது. அவளிடம் இதைக் கேட்டபோது உடனே சொன்னாள்: "எங்க தெருவுல 42 வீடு சார், ஒரே கிணறுதான். ஐப்பசி மழை பேஞ்சா தண்ணி டீ கலர்ல வரும்." அதைக் கொஞ்சம் சீர்படுத்தியதும் முதல் வரி கிடைத்துவிட்டது.

போனில் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு படம், தலைப்பு, மூன்று நான்கு வரி, அதற்குக் கீழே "மேலும் படிக்க" என்பதுதான் தெரியும். பொதுவான துயரத்துக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டால் உங்கள் பானைக்கு இடமே மிஞ்சாது.

"99.9% கிருமிகள் நீங்கும்" என்று போடலாமா? லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் என்ன எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவளுடையதில் வடிகட்டுவதற்கு முன் 100 மில்லியில் 340 ஈ.கோலை, வடிகட்டிய பின் 2. கணக்குப் போட்டால் 99.4 சதவீதம். பக்கத்தில் 99.9 என்று எழுதியிருந்தாள். பொய் சொல்ல நினைத்து அல்ல, கடையில் விற்கும் எல்லா வடிகட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்பதால். தண்ணீர்த் துறை தெரிந்த ஒருவர் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் அந்த அரை சதவீதத்திலேயே பக்கத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். 340-இல் 99.9 சதவீதம் போனால் மிஞ்சுவது ஒன்றுகூட இல்லை. ரிப்போர்ட்டோ 2 என்கிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதுதான் முக்கியம். சதவீதம் நல்ல தண்ணீரையும் கெட்ட தண்ணீரையும் ஒன்றுபோலக் காட்டும். ஐப்பசியில் ஒரு பெரிய மழைக்கு அடுத்த நாள் அதே கிணற்றில் எடுத்த தண்ணீரில் 2,600 இருந்தது. அதே பானையில் வடிகட்டியபோது 14 மிஞ்சியது. சதவீதம் மாறவில்லை, ஏறக்குறைய அதே 99.4 தான். ஆனால் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது, 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூடக் காணப்படக் கூடாது என்பது. முதல் ரிப்போர்ட்டின் 2-கூட அதில் தேறாது, மழைக்காலத்தின் 14 இன்னும் மோசம். அந்த வீடுகளில் வயிற்றுப்போக்கு வருவதும் மழைக்காலத்தில்தான்.

அதனால் சதவீதத்தை எடுத்துவிட்டு இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு. இருப்பதிலேயே மோசமான நாளின் தண்ணீராக அது இருக்கட்டும். ஒன்றும் தெரியாதவருக்கும் அது புரியும், தெரிந்தவருக்கு அது பிடிக்கும்.

14 என்று வந்த பிறகு அவள் பானையை மாற்றினாள். இந்த வகைப் பானைகளுக்கு வழக்கமாகப் பூசும் நீர்த்த வெள்ளிக் கரைசலை உள்ளும் புறமும் தூரிகையால் பூசி, 7 பானைகள் தயார் செய்து, மறுபடியும் அதே கிணற்றின் மழைக்காலத் தண்ணீரை ஊற்றினாள். 6 பானைகளில் ஈ.கோலை இல்லை. ஏழாவதில் 90.

அந்த ஏழாவது பானையைச் சொல்லாமல் விட்டுவிடலாம் அல்லவா?

அவளுடைய வழிகாட்டி ஆசிரியரும் இதையேதான் சொன்னார். நான் அதை முதல் வரிகளிலேயே போடச் சொன்னேன்.

காரணம் இது. மண்பானை வாங்கும் யாரும் விரலால் சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கணீரென்று கேட்டால் நல்ல பானை, மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். அந்த ஏழாவது பானையைச் சுண்டியபோது அப்படித்தான் கேட்டது. விளிம்புக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், ஈரமானால்தான் தெரிந்தது. மற்றப் பானைகளில் மணிக்கு 2 லிட்டர் இறங்க, இதில் 6 லிட்டர் இறங்கியது. அவள் ஆரம்பத்தில் அதைத்தான் "வேகமாக வடிகட்டுது, நல்ல பானை" என்று நினைத்திருந்தாள். இந்த வகை வடிகட்டியில் வேகம் நல்ல சேதி அல்ல. துளை பெரிசு அல்லது விரிசல் என்று அர்த்தம். இவற்றைச் செய்யும் பட்டறைகளில் ஒவ்வொரு பானையையும் ஊறவைத்து, நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, வேகமாக இறங்குவதை உடைத்துப் போடுவதுதான் வழக்கம்.

இப்போது அந்த 90 என்ற எண் வேறு மாதிரி தெரிகிறது, இல்லையா? "7-இல் ஒன்று விரிசல் விட்டது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியும்" என்று ஒருவர் சொல்லும்போது, மீதி 6 பானைகளின் கணக்கும் நம்பத் தகுந்ததாகிறது. ஏழுக்கு ஏழும் தேறின என்று எழுதியிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

வடிகட்டி எதைச் செய்யாது என்று ஆரம்பத்திலேயே சொன்னால் ஆட்கள் ஓடிவிட மாட்டார்களா?

ஓடுகிறவர்கள் ஓடட்டும். அவர்கள் பணம் கொடுத்த பிறகு திரும்பி வந்து கேட்கப் போகிறவர்கள்தான். நம் ஊரில் தண்ணீர் வடிகட்டி என்றதும் வரும் முதல் கேள்வி "டி.டி.எஸ். எவ்வளவு குறையும்?" என்பது. களிமண் பானையில் டி.டி.எஸ். குறையாது. கரைந்த உப்பு துளை வழியாகத் தண்ணீரோடேயே இறங்கிவிடும். உப்புத் தண்ணீர் உப்பாகத்தான் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர் ஃப்ளூரைடு பற்றிக் கேட்பார். அதையும் இந்தப் பானை எடுக்காது. ஈ.கோலையைவிட வைரஸ் மிகச் சிறியது, அதை நிறுத்துவதிலும் இது பலவீனமானது.

இவை எல்லாவற்றையும் முதல் வரிகளில் அடுக்க வேண்டாம். உங்கள் பக்கத்தைப் படிப்பவர் கட்டாயம் கேட்கப்போகும் ஒன்று அல்லது இரண்டை மட்டும் சொல்லுங்கள். அவள் உப்பையும் ஃப்ளூரைடையும் தேர்ந்தெடுத்தாள். வைரஸ் பற்றி, கீழே பரிசோதனை விவரம் வரும் இடத்தில் முழுதாக எழுதினாள்.

இதற்குப் பின்னால் ஒரு காரணமும் உண்டு. வீடு வீடாக வந்து, தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டிப் பயமுறுத்தி வடிகட்டி விற்பவர்களைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் கரையும் இரும்புக் கம்பியிலிருந்து வருவது, அழுக்கு அல்ல. தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தாலே மின்சாரம் பாய்ந்து அது நடக்கும். ஒருமுறை ஏமாந்தவர் உங்கள் பக்கத்தையும் அதே கண்ணோடுதான் திறக்கிறார். இது இதைச் செய்யாது என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லும்போதுதான் அவர் கொஞ்சம் நிதானமாகிறார்.

"வெறும் 200 ரூபாய் வடிகட்டி" என்று தலைப்பு வைக்கலாமா?

அந்த 200-இல் என்னென்ன அடங்கும்? அவளுடைய கணக்கில் மண், உமி, சூளைக்கூலி மட்டும் இருந்தது. வெள்ளிக் கரைசல் சேர்த்தால் 220. ஆனால் பானை மட்டும் இருந்தால் தண்ணீர் எங்கே இறங்கும்? கீழே ஒரு வாளி வேண்டும், அதற்கு மூடி வேண்டும், குழாய் வேண்டும். குழாய் இல்லாவிட்டால் டம்ளரை உள்ளே விட்டு மொண்டு குடிப்பார்கள், கையிலிருக்கும் கிருமி வடிகட்டிய தண்ணீரில் போய்ச் சேரும். பானை செய்த வேலை முழுக்க அந்த ஒரு டம்ளரில் வீணாகிவிடும். ஆக வாளி என்பது கூடுதல் வசதி அல்ல, வடிகட்டியின் பாதி அது. வாளி, மூடி, குழாய் மூன்றும் 280 ரூபாய். மொத்தம் 500.

"500 ரூபாய், வாளியும் குழாயும் சேர்த்து" என்று எழுதினால் 200-ஐவிடக் குறைவான ஆட்கள்தான் சட்டென்று கவரப்படுவார்கள். ஆனால் பாதி வழியில் 280 ரூபாய் எங்கிருந்தோ முளைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது செய்வதற்கு ஆகும் செலவா, விற்கும் விலையா என்பதையும் ஒரு சொல்லில் தெளிவாக்குங்கள். "ஆகிறது" என்றால் செலவு, "கொடுக்கிறேன்" என்றால் விலை.

எவ்வளவு பணம், எதற்கு என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டுமா? கீழேதான் பட்டியல் இருக்கிறதே.

பட்டியல் கீழேயே இருக்கட்டும். மேலே மொத்தத் தொகையும், அதிலிருந்து ஒரே ஒரு இனமும் போதும். அவளுடைய பட்டியல் இது: பானை அழுத்தும் கை இயந்திரமும் அச்சும் 85,000. 150 பானைகள், ஒன்றுக்கு 220 வீதம் 33,000. வாளிகள் 42,000. 60 பரிசோதனைகள், ஒன்றுக்கு 700 வீதம் 42,000. தளத்தின் கட்டணமும் வண்டிச் செலவும் 18,000. கூட்டினால் 2,20,000.

இதில் எந்த இனத்தை மேலே எடுத்து வைப்பது? இயந்திரம்தான் பெரிய தொகை, ஆனால் பரிசோதனைக்கான 42,000-ஐ நான் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தன் பானையைத் திரும்பத் திரும்பச் சோதிக்கக் காசு கேட்பவர், விற்பதற்கு மட்டும் காசு கேட்பவரைப் போல இல்லை. வெளியாள் அந்த வேறுபாட்டை உடனே உணர்ந்துவிடுவார்.

பரிசோதனையை எங்கே செய்தது என்று எழுதினால் போதுமா?

போதாது, எப்படி எடுத்தீர்கள் என்பதும் வேண்டும், ஆனால் அது முதல் வரிகளில் அல்ல. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். கிருமிச் சோதனைக்குத் தொற்று நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய பாட்டிலைக் கழுவிப் பிடித்துக்கொண்டு போனால், வரும் எண் பாட்டிலைப் பற்றியதா பானையைப் பற்றியதா என்று யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட்டின் படத்தை, தேதி தெரியும்படி, முழுப் பக்கமாகப் போடுங்கள். பிடித்த வரியை மட்டும் வெட்டிப் போட வேண்டாம்.

மேலே எந்தப் படம் வைப்பது? நண்பன் கம்ப்யூட்டரில் அழகான 3டி படம் செய்து தருகிறேன் என்கிறான்.

முதல் வரியின் மேலேயே இருப்பதால் படமும் முதல் வரியின் பகுதிதான். 3டி படம் வேண்டாம். கிக்ஸ்டார்ட்டர் தளம் 2012-லேயே, பொருள் தயாரிப்புத் திட்டங்களில் நிஜம்போலத் தோன்றும் கணினிப் படங்களுக்குத் தடை போட்டது. கையில் இருக்கும் மாதிரியைத்தான் காட்ட வேண்டும் என்றது. திட்டத்தின் சிக்கல்கள் என்ன என்று தனியே எழுதும் பகுதியையும் அப்போதுதான் சேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து அந்தத் தளத்தில் பக்கம் தொடங்க முடியாது, மிலாப், கெட்டோ போன்ற நம் தளங்களைத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த விதி நல்ல விதி, நீங்களாகவே கடைப்பிடியுங்கள்.

அவள் வைத்த படம் என்ன தெரியுமா? சமையலறைத் திண்ணையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். இரண்டிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைத் தாள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய குப்பி ஒரு நாளில் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பானைத் தண்ணீர் ஊற்றியது அப்படியே இருந்தது. பின்னால் பானையும் வாளியும், ஓரத்தில் அவள் அம்மாவின் கை. இந்தச் சோதனை மலத்தோடு தொடர்புள்ள கிருமி இருக்கக்கூடும் என்று மட்டும்தான் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது. அதையும் படத்தின் கீழே எழுதிவிட்டாள்.

வயதைச் சொல்லலாமா? மாவட்ட அளவில் பரிசு வாங்கியதையும் சேர்க்கலாமா?

வயதைச் சொல்லலாம், ஒருமுறை, இயல்பாக. "இளம் விஞ்ஞானி" என்று நீங்களே உங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டாம். 19 வயதுப் பெண் என்றால் இரக்கத்தில் 500 ரூபாய் கொடுப்பவர் உண்டு, ஆனால் குடிக்கும் தண்ணீர் என்று வரும்போது அதே வயது சந்தேகத்தையும் கிளப்பும். அதற்குப் பதில் யார் கூட இருக்கிறார்கள் என்பதுதான்: எந்தத் துறை ஆசிரியர் பார்த்தார், எந்தக் குயவர் சூளை கொடுத்தார். அவள் பக்கத்தில் பானை சுட்டுக் கொடுத்த பெரியவர் ஒரு வாக்கியத்தில் வருகிறார். பரிசுச் சான்றிதழ் கீழே எங்காவது இருந்தால் போதும். நடுவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்கள் இல்லையே.

18 வயது நிரம்பாதவர் என்றால் பக்கமும் வங்கிக் கணக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயரில் இருப்பதே சரி. அதை மறைக்காமல் எழுதுங்கள். வேறு ஒருவர் பெயரில் கணக்கு இருப்பதை நடுவில் கண்டுபிடிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

யாரிடமிருந்து பணம் வரும் என்று நினைக்கிறீர்களோ அவர்கள் மொழியில். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

சரி, கடைசியில் அவள் பக்கம் எப்படித் தொடங்கியது?

இப்படி. வெளியிடும் முன் சேர்த்த ஒரு வரி மட்டும் இதில் இல்லை, அது கீழே வருகிறது:

"எங்கள் தெருவில் 42 வீடுகள் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன. போன ஐப்பசியில் பெரிய மழைக்கு அடுத்த நாள் அந்தத் தண்ணீரில் 100 மில்லிக்கு 2,600 ஈ.கோலை கிருமிகள் இருந்தன. களிமண்ணும் உமியும் பிசைந்து சுட்டு, வெள்ளிக் கரைசல் பூசிய 7 பானைகளில் அதே கிணற்றின் மழைக்காலத் தண்ணீரை ஊற்றினேன். 6 பானைகளில் இறங்கிய தண்ணீரில் ஈ.கோலை இல்லை, விரிசல் விட்டிருந்த ஒன்றில் 90 இருந்தது. இந்தப் பானை உப்பையோ ஃப்ளூரைடையோ எடுக்காது, மணிக்கு 2 லிட்டர்தான் தரும். மூடியும் குழாயும் உள்ள வாளியோடு ஒன்று செய்ய 500 ரூபாய் ஆகிறது. 150 பானைகள் செய்து, அவற்றை மழைக்காலம் முழுக்கச் சோதித்துப் பார்க்க 2,20,000 ரூபாய் கேட்கிறேன், அதில் 42,000 பரிசோதனைக்கு மட்டும்."

இதில் "நான் 19 வயது மாணவி" என்பது இல்லை, அது அடுத்த பத்தியில் வருகிறது. "உதவுங்கள்" என்ற சொல்லும் இல்லை.

எழுதி முடித்தபின் இது வெளியாளிடம் எடுபடுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டிலோ வகுப்பிலோ காட்ட வேண்டாம், அவர்களுக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். உங்களைத் தெரியாத மூன்று பேரிடம் அந்தச் சில வரிகளை மட்டும் போனில் காட்டுங்கள். படித்ததும் போனை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: இது எந்தத் தண்ணீருக்கு, இது எதை எடுக்காது, காசு எதற்கு? "நல்லா இருக்கு" என்ற பதிலை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

அவள் பேருந்து நிலையத்துப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவரிடம் காட்டினாள். முதல் இரண்டையும் சரியாகச் சொன்னார். மூன்றாவதற்கு, "150 வீட்டுக்குக் கொடுக்கத்தானே?" என்றார். பானைகள் முதலில் அவளுடைய தெருவில் 42 வீடுகளுக்கும், மீதி பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் போகின்றன என்பதை அவள் எங்குமே எழுதியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டுத்தான் பக்கத்தை வெளியிட்டாள்.